பையர் அனுப்பும் கேள்வித்தாளை உள்ளது உள்ளபடி நிரப்புவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஐரோப்பாவிலிருந்து புது ஆர்டர் பேச்சு நடக்கிறது. சாம்பிள் ஒத்துவந்து, விலையும் படிந்துவிட்ட பிறகு பையரிடமிருந்து, அதாவது துணியை வாங்கும் அந்த வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து, ஒரு மின்னஞ்சல் வரும். சப்ளையர் கேள்வித்தாள், ஒரு வாரத்தில் நிரப்பி அனுப்பவும். வேலை நேரம், ஊதியம், வயதுச் சான்று, பாலியல் தொல்லை புகார்க் குழு, சாயக் கழிவு, வெளியே கொடுக்கும் வேலை என்று கேள்விகள் நீளும். பல கம்பெனிகளில் இது மெர்ச்சண்டைசரின் மேசைக்குப் போகிறது. அவர் ஷிப்மெண்ட் நெருக்கடியில் இருப்பார். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று சொடுக்கி, போன வருடம் வேறு பையருக்குக் கொடுத்த பாலிசிக் கோப்புகளை இணைத்து அனுப்பிவிடுவார். ஆறு மாதம் கழித்து, பதில்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் ஆலைக்கு வந்து உட்காரும்போது அந்த 'ஆம்'களின் அச்சுப் பிரதி அவர் கையில் இருக்கும்.

இந்தக் கேள்விகள் பையரின் நல்லெண்ணத்தால் மட்டும் வருவதில்லை. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனத் தடுப்புச் சட்டப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொடும் நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடம் என்ன பார்த்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். ஜெர்மனியில் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், அடுத்த ஆண்டு 1,000 பேருக்கு மேல் உள்ளவற்றுக்கும் வந்தது. நீங்கள் எழுதும் பதில் அவர்களுடைய ஆவணத்தில் ஏறுகிறது. பிறகு அது தவறென்று தெரிந்தால், குறை இருந்தது என்பதைவிட, குறையை மறைத்தீர்கள் என்பதுதான் பெரிய விஷயமாகிவிடும். குறை தெரிந்தால் பெரும்பாலும் திருத்தத் திட்டம் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் ஆர்டரே நின்றுபோகலாம்.

ஓர் உதாரணக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் உள்ளேயே நடக்கிறது. நிட்டிங், டையிங், கம்பாக்டிங், பிரிண்டிங் வெளியே ஜாப் ஒர்க். கம்பெனி ரோலில் 118 பேர். அதே கூடத்தில் கான்ட்ராக்டர் அழைத்துவந்த டெய்லர்கள் 42 பேர். திருப்பூரில் இப்படிப்பட்ட நடுத்தர யூனிட்டுகள் ஏராளம்.

முதல் நாள் எதையும் நிரப்பாதீர்கள்

முதலில் கேள்வித்தாள் முழுவதையும் அச்சிட்டு ஒருமுறை படியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு விஷயங்களைப் பென்சிலால் எழுதுங்கள்: இதற்கு விடை யாருக்குத் தெரியும், அந்த விடை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது. வேலை நேரம் என்றால் டைம் ஆபீஸும் பஞ்சிங் பதிவும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்றால் கணக்குப் பிரிவும் மாதச் செலானும். சாயக் கழிவு என்றால் டையிங் யூனிட்டின் மேலாளரும், அவரிடம் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையும். தீயணைப்பு என்றால் பராமரிப்பு ஆளும் அவருடைய சோதனை அட்டையும்.

இரண்டாவது இடம் காலியாக இருக்கும் கேள்விகள்தான் ஆபத்தானவை. ஆள் இருக்கிறார், 'செய்கிறோம் சார்' என்கிறார், பதிவேடு இல்லை. அதற்கு 'ஆம்' என்று மட்டும் எழுதினால் ஆடிட்டில் நிரூபிக்க முடியாது. 'இல்லை' என்று எழுதினால் உண்மையில் செய்துவரும் வேலை விட்டுப்போகும். எனவே பதில்களை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நடக்கிறது, சான்றும் இருக்கிறது; இரண்டு, நடக்கிறது, ஆனால் எழுத்தில் இல்லை; மூன்று, எழுத்தில் இருக்கிறது, ஆனால் நடப்பதில்லை; நான்கு, இரண்டும் இல்லை. மூன்றாவதைக் கூச்சமில்லாமல் தேடிப் பிடியுங்கள். வேறு கம்பெனியிலிருந்து நகலெடுத்த பாலிசிகள் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான் வந்து விழும்.

ஒரு வாரம் போதாது என்றால் முதல் நாளே பையருக்கு எழுதிக் கூடுதல் நேரம் கேளுங்கள். 'ஜாப் ஒர்க் யூனிட்டுகளிடமிருந்து ஆவணம் வர வேண்டியிருக்கிறது, எண் 40 முதல் 52 வரையிலான கேள்விகளுக்கு மட்டும் இன்னும் பத்து நாள் வேண்டும்' என்று காரணத்தோடு, கேள்வி எண்ணோடு கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கெடு முடிகிற இரவில் கேட்டால் சாக்குப்போக்குபோலத் தெரியும்.

தலைகளை எண்ணுவதில் தொடங்குங்கள்

'உங்கள் ஆலையில் எத்தனை தொழிலாளர்கள்?' கேள்வித்தாளிலேயே மிக எளிதாகத் தெரியும் இந்தக் கேள்வியில்தான் முதல் தவறு நடக்கிறது. நம் உதாரணக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் 118 என்று எழுதுவார். கான்ட்ராக்ட் டெய்லர்கள் 'நம்ம ஆள் இல்லை' என்பது அவர் கணக்கு. ஆனால் பையர் கேட்பது அந்தக் கூரையின்கீழ் அவருடைய துணியைத் தைக்கும் எல்லோரையும் பற்றி. சரியான பதில் 160. அதில் 118 நேரடி, 42 கான்ட்ராக்டர் வழி.

அதோடு வேலை முடியவில்லை. இந்த எண்ணை மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிற்சாலை உரிமத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று ஓர் எண் இருக்கும். அது 150 என்றால், 160 என்று நீங்கள் எழுதும் பதிலே உங்கள் உரிமத்தோடு மோதும். எண்ணைக் குறைத்து எழுதுவது இதற்குத் தீர்வாகாது. உரிமத் திருத்தத்துக்கு இன்றே விண்ணப்பித்து, '160 பேர், உரிமத்தில் 150, திருத்தத்துக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்துள்ளோம்' என்று ஒப்புகைச் சீட்டோடு எழுதுங்கள். அடுத்து பி.எஃப். செலானில் எத்தனை பேர் என்று பாருங்கள். 42 பேருக்குக் கான்ட்ராக்டர் தனி எண்ணில் கட்டுகிறாரா? கட்டுகிறார் என்றால் அவருடைய செலானை வாங்கிப் பெயர்களைச் சரிபாருங்கள். மூன்றாவது இடம் இ.எஸ்.ஐ. பதிவு. மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்கள் அதில் வராமல் இருப்பது சரிதான். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் வேண்டும்.

'அனைத்துத் தொழிலாளர்களுக்கும் சமூகப் பாதுகாப்பு உண்டா?' என்ற கேள்வி பின்னால் வரும். 42 பேரில் 30 பேருக்குத்தான் கான்ட்ராக்டர் பி.எஃப். கட்டுகிறார் என்று தெரிந்தால், பதில் 'ஆம்' இல்லை. '160-இல் 148 பேருக்கு உண்டு. கான்ட்ராக்டர் வழி வந்த 12 பேருக்கு இன்னும் பதிவாகவில்லை. அடுத்த ஊதியக் காலத்திலிருந்து சேர்க்கிறோம்' என்று எழுதலாம். சேர்த்துவிட முடியும் என்று கான்ட்ராக்டரிடம் உறுதி வாங்கிய பிறகுதான் கடைசி வாக்கியத்தை எழுத வேண்டும்.

வயதுச் சான்றிலும் இதே கவனம் தேவை. 'பிறந்த தேதியை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?' என்றால் நிறைய யூனிட்டுகள் ஆதார் என்றே எழுதுகின்றன. ஆதாரைப் பிறந்த தேதிக்கான சான்றாக ஏற்பதை பி.எஃப். நிறுவனமே 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது. விவரம் தெரிந்த ஆடிட்டர் இதைக் கேட்பார். பள்ளி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ எத்தனை பேரின் கோப்பில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து அந்த எண்ணையே எழுதுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களிடம் பள்ளிச் சான்று பல நேரம் ஊரில் இருக்கும். 'இவர்களிடம் ஆதார் மட்டும் இருக்கிறது, பள்ளிச் சான்று கேட்டிருக்கிறோம்' என்பது மதிப்புள்ள பதில்தான்.

வேலை நேரம்: எல்லோரும் சறுக்கும் இடம்

'வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் யாராவது வேலை செய்கிறார்களா?' இந்த 60 எங்கிருந்து வருகிறது என்றால், பையர்கள் பலர் பின்பற்றும் எத்திகல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற கூட்டமைப்பின் அடிப்படை விதிகளில் ஓவர்டைமும் சேர்த்து வார உச்சம் அதுதான். விதிவிலக்கான சூழலில் மட்டுமே தாண்டலாம். ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பும் வேண்டும்.

திருப்பூர்க் கணக்குக்கு இதை மாற்றிப் பார்ப்போம். ஒரு ஷிப்ட் 8 மணி, ஒன்றரை ஷிப்ட் 12 மணி. ஆறு நாளும் ஒரு ஷிப்ட் என்றால் 48. மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் 36-உம் 24-உம் சேர்ந்து சரியாக 60. நான்காவது நாளும் ஒன்றரை ஷிப்ட் போனாலே 64. அதன்மேல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷிப்ட் வந்தால் 72. ஆக, வாரத்தில் எத்தனை நாள் ஒன்றரை ஷிப்ட் ஓடியது என்று டைம் ஆபீஸைக் கேட்டாலே பதில் ஏறக்குறைய தெரிந்துவிடும். ஆனால் எழுதுவதற்கு அது போதாது, பஞ்சிங் பதிவை எடுக்க வேண்டும்.

ஆடிட்டர்கள் பொதுவாக மூன்று மாதங்களை எடுப்பார்கள்: வேலை உச்சத்தில் இருந்த மாதம், மந்தமான மாதம், கடைசியாக முடிந்த மாதம். நீங்களும் அதே மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றிலும் தையலில் பத்துப் பேர், அயர்னிங், பேக்கிங்கில் ஐந்தைந்து பேர் என்று கான்ட்ராக்ட் ஆட்களையும் கலந்து வார மொத்தம் போடுங்கள். பேக்கிங்கை விட்டுவிடாதீர்கள், ஷிப்மெண்டுக்கு முந்தைய இரவு கண் விழிப்பது அவர்கள்தான். மீறல் தெரிந்தால் அதோடு நிறுத்தாமல் பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டுவிடுங்கள்.

நம் கம்பெனியில் அப்படிப் பார்த்ததில், 52 வாரங்களில் 9 வாரம் தையல் பிரிவு 60-ஐத் தாண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 7 வாரம் 64 மணி, ஞாயிறும் ஓடிய 2 வாரம் 72 மணி. காரணத்தைத் துருவினால், டையிங்கிலிருந்து துணி தாமதமாக வந்த ஆர்டர்கள். இப்போது எழுத வேண்டிய பதில் இப்படி இருக்கும்:

> 'எங்கள் வழக்கமான வாரம் 48 மணி. கடந்த ஏப்ரல் முதல் மார்ச் வரை தையல் பிரிவில் 9 வாரங்கள் 60 மணியைத் தாண்டின. 7 வாரம் 64 மணி, 2 வாரம் 72 மணி. அந்த 2 வாரங்களில் ஞாயிறு விடுப்பும் தரப்படவில்லை. ஒரு நாளின் அதிகபட்சம் 12 மணி. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு ஊதியம் தரப்பட்டது. ஊதியப் பதிவேட்டில் பார்க்கலாம். முதன்மைக் காரணம் சாயமிட்ட துணி தாமதமாக வந்தது.'

இரட்டிப்பு ஊதியம் உண்மையில் தரப்பட்டிருந்தால் மட்டும் அந்த வாக்கியம். பீஸ் ரேட் டெய்லர்களுக்கு ஓவர்டைம் தனியாகக் கணக்கிடப்படவில்லை என்றால், அவர்களைப் பிரித்து அதையும் சொல்ல வேண்டும். பீஸ் ரேட் என்பதாலேயே அந்தக் கடமை போய்விடாது.

இங்கே இன்னொரு பொறி. வாரம் 60-க்குள் இருக்கிறதே என்று 'சட்டப்படி நடக்கிறோம்' என எழுதிவிடுவார்கள். சட்டத்தில் நாளுக்கும் காலாண்டுக்கும் தனி வரம்பு உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காலாண்டு ஓவர்டைமுக்குப் பொதுவாக 50 மணி வரம்பு வைத்திருந்தது. வாரம் மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 12 மணி ஓவர்டைம், ஐந்தாவது வாரத்திலேயே 50 தாண்டிவிடும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, ஓவர்டைம் வரம்பு விதிகளின் வழியாக நிர்ணயமாகிறது. பதில் எழுதும் தேதியில் செல்லுபடியாகும் எண்ணை உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் வாங்குங்கள். பதிலில் பழைய பிரிவு எண்களை அடுக்குவதைவிட உண்மையான மணிக்கணக்கைக் கொடுப்பது பாதுகாப்பு. மணிக்கணக்கு மாறாது, பிரிவு எண் மாறும்.

மணிக்கணக்கை மாற்றி எழுதி இரண்டு செட் பதிவேடு வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது எப்படிப் பிடிபடுகிறது என்று தெரிந்தால் அந்த யோசனை தானாகப் போய்விடும். தையல் கூடத்தில் ஊசி உடைந்தால் தேதி போட்டு, உடைந்த துண்டுகளை ஒட்டி வைக்கும் பதிவேடு இருக்கிறது. பஞ்சிங்கில் விடுமுறை என்று காட்டும் ஞாயிற்றுக்கிழமையில் அங்கே மூன்று ஊசி உடைந்திருக்கும். செக்கிங் ரிப்போர்ட், ஜெனரேட்டர் ஓடிய நேரக் குறிப்பு, வாட்ச்மேனின் கேட் புத்தகம், துணி வந்த டெலிவரி சலான் எல்லாம் தனித்தனி ஆட்கள் எழுதுபவை. அவை எல்லாமும் ஒரே பொய்யைச் சொல்லும்படி செய்ய முடியாது. இந்தக் குறுக்குச் சோதனையை ஆடிட்டருக்கு முன்னால் நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள். சில நேரம் தவறு நேர்மையானதாகவே இருக்கும்: பஞ்சிங் மெஷின் கெட்டுப்போன நாள், கையால் எழுதிய தாள் கோப்பில் சேராமல் போயிருக்கும்.

வெளியே போகும் வேலை

'வேலையை வெளியே கொடுக்கிறீர்களா?' என்பதற்கு 'இல்லை' என்று எழுதும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன. நிட்டிங்கும் டையிங்கும் வெளியேதான் என்பது திருப்பூர் முழுக்கத் தெரிந்த செய்தி. அவர்கள் மனதில் இருப்பது, 'தையல் உள்ளே நடக்கிறது, அதனால் இல்லை'. பையர் எந்த அர்த்தத்தில் கேட்கிறார் என்று தெளிவில்லாவிட்டால் கேட்டு எழுதுங்கள். கேட்க வழியில்லை என்றால், எல்லா அர்த்தத்துக்கும் பொருந்தும்படி வரிசையாகக் கொடுங்கள்: எந்த வேலை, எந்த யூனிட், முகவரி, எத்தனை வருடமாக.

தையல் வெளியே போவது தனி விஷயம். சீசனில் துணி தாமதமாகி, பக்கத்தில் இருக்கும் பவர் டேபிளுக்கு 3,000 பீஸ் போகும். ஒப்பந்தத்தில் அறிவிக்காத சப்-கான்ட்ராக்டுக்குத் தடை இருந்தால், கம்பெனிகள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். இதற்கு இரண்டு தவறான பதில்கள் உண்டு. ஒன்று, 'ஒருபோதும் கொடுப்பதில்லை'. இன்னொன்று, 'கொடுப்பதற்கு 15 நாள் முன்பே எழுத்தில் அனுமதி பெறுவோம்'. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துணி தாமதம் உங்களுக்கே நான்கு நாள் முன்புதான் தெரியும். காப்பாற்ற முடியாத கெடுவை நீங்களே எழுதி, நீங்களே மீறப்போகிறீர்கள்.

நடக்கக்கூடிய வழி வேறு. கடந்த ஆண்டில் உண்மையில் எந்தெந்த யூனிட்டுக்கு வேலை போனது என்று டெலிவரி சலானைப் பார்த்து எடுங்கள். இரண்டு யூனிட் என்றால், அந்த இரண்டையும் இப்போதே பையரிடம் பெயர், முகவரியோடு கொடுத்து முன்கூட்டியே ஒப்புதல் கேளுங்கள். பதிலில், 'கடந்த 12 மாதங்களில் இரண்டு வெளி யூனிட்டுகளுக்குத் தையல் வேலை கொடுத்தோம். அவற்றுக்கு ஒப்புதல் கேட்கிறோம். ஒப்புதல் பெற்ற யூனிட்டுக்கு வேலை அனுப்பும் அன்றே ஆர்டர் எண்ணோடு தெரிவிப்போம். ஒப்புதல் இல்லாத யூனிட்டுக்கு அனுப்ப மாட்டோம்' என்று எழுதலாம். இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்களால் காப்பாற்ற முடியும். கடைசி வாக்கியத்தை உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் படித்து ஒத்துக்கொண்டாரா என்பது மட்டும் முக்கியம். பீஸை வண்டியில் ஏற்றுபவர் அவர்தான்.

சாயக் கழிவுக் கேள்வியில் சிக்கல் வேறு மாதிரி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிய கதை பையர்களுக்கும் தெரியும். அதனால் 'உங்கள் சாயமிடுதல் முழுக்கச் சுத்திகரிக்கப்படுகிறதா?' என்று கேட்பார்கள். டையிங் உங்களுடையது இல்லை. நீங்கள் பார்த்தது காகிதத்தை. ஆகவே பதில் அந்த அளவுக்குள் நிற்க வேண்டும்: 'டையிங் இரண்டு வெளி யூனிட்டுகளில் நடக்கிறது. இரண்டும் பொதுச் சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை நகல்களைப் பார்த்தோம். செல்லுபடியாகும் தேதிகள் இவை. கழிவுநீரை நாங்கள் தனியாகச் சோதிக்கவில்லை.' கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி உள்ளேயே யாராவது வற்புறுத்துவார்கள். விடாதீர்கள். காகிதத்தைப் பார்த்தோம் என்பதும் சரிபார்த்தோம் என்பதும் வேறு வேறு என்று பையருக்குக் காட்டுவது அந்த வாக்கியம்தான். இசைவாணையின் தேதி கடந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பில் இருக்கும் நகல் பல நேரம் பழையது.

பாலிசி இருக்கிறதா, நடக்கிறதா

பெரும்பாலான கேள்வித்தாள்களில் 'எழுத்துப் பூர்வமான பாலிசி உண்டா?' என்று ஒரு கேள்வியும், 'எப்படி நடைமுறைப்படுத்துகிறீர்கள்?' என்று அதன் கீழே ஒரு பெட்டியும் இருக்கும். புதியவர்கள் இரண்டாவது பெட்டியில் பாலிசியின் வாக்கியங்களையே திரும்ப ஒட்டுவார்கள். படிப்பவருக்கு அது உடனே தெரியும். அந்தப் பெட்டியில் யார், எப்போது, எங்கே, எத்தனை என்பவைதான் வர வேண்டும்.

பாலியல் தொல்லை புகார்க் குழுவை எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். நிறைய யூனிட்டுகளில் அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதில் இருக்கும் டெய்லர் அக்காவிடம் கேட்டால் தான் உறுப்பினர் என்பதே அவருக்குத் தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போயிருப்பார். வெளி உறுப்பினர் இடம் காலி. பதில் எழுதும் முன் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் பார்த்துப் பேசுங்கள். அரை மணி நேர வேலைதான்.

குழு சட்டப்படி அமையவில்லை என்று தெரிந்தால், 'உண்டு' என்ற பெட்டியைத் தொடாதீர்கள். 'பகுதி' என்று இருந்தால் அதைத் தேர்ந்து, 'ஐந்து பேர் கொண்ட குழு இருக்கிறது; வெளி உறுப்பினர் இடம் காலி; இந்தத் தேதிக்குள் நியமிக்கிறோம்' என்று எழுதுங்கள். புகார் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள், அதைச் சாதனையாகச் சொல்ல வேண்டாம். 160 பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு புகார்கூட இல்லை என்றால், அனுபவமுள்ள ஆடிட்டர் முதலில் சந்தேகப்படுவது புகார் சொல்லும் வழியைத்தான். அறிவிப்பு தமிழில் மட்டும் இருக்கிறதா, ஒடியாவிலும் இந்தியிலும் இருக்கிறதா என்பதை அதே பெட்டியில் சொல்லிவிடுங்கள்.

எழுத்தில் இல்லாமல் நடைமுறையில் மட்டும் இருக்கும் நல்ல பழக்கங்களும் உண்டு. தொழிலாளிக்கு உடம்பு சரியில்லை என்றால் கம்பெனி வண்டியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அதற்கு எந்தப் பாலிசியும் இருக்காது. 'எழுத்துப் பூர்வமான பாலிசி இல்லை, நடைமுறை இது, இதற்கான வண்டிப் பதிவு இருக்கிறது' என்று எழுதினால் போதும். கேள்வித்தாளுக்காக ஒரே இரவில் பாலிசி தயாரித்து, போன வருடத் தேதி போடுவது மட்டும் வேண்டாம். கணினிக் கோப்பின் உருவாக்கத் தேதி யாரும் கேட்காமலே உண்மையைச் சொல்லிவிடும். புதிதாக எழுதினால் இன்றைய தேதியைப் போடுங்கள்; அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆம், இல்லை என்ற இரண்டு பொத்தான் மட்டும் இருக்கும் போர்ட்டல்களும் உண்டு. பாதி நடக்கும் விஷயத்துக்கு 'இல்லை' போட்டு விளக்கப் பெட்டியில் எழுதுங்கள். விளக்கப் பெட்டியே இல்லை என்றால், கேள்வி எண்ணோடு ஒரு பக்கக் குறிப்பு தயாரித்து, இணைப்பாக ஏற்றி, அதே குறிப்பை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 'பொருந்தாது' என்ற பொத்தான் உங்கள் ஆலையில் அந்த விஷயமே இல்லாதபோது மட்டும். பாய்லர் இல்லாதவர் பாய்லர் கேள்விக்குப் போடலாம். ஹாஸ்டல் கான்ட்ராக்டர் நடத்துகிறார் என்பதற்காக ஹாஸ்டல் கேள்விகளுக்குப் போடக் கூடாது.

தேதி கொடுக்கும்போது

குறைகளை ஒத்துக்கொண்ட பிறகு எப்போது சரிசெய்வீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். நல்ல பெயர் வாங்கும் ஆசையில் எல்லாவற்றுக்கும் '30 நாள்' போடுவது வழக்கம். ஒவ்வொரு குறைக்கும் யார் செய்ய வேண்டும், பணம் எவ்வளவு, வேறு யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்துத் தனித்தனித் தேதி கொடுங்கள். வெளி உறுப்பினர் நியமனம் ஒரு மாதத்தில் ஆகும். உரிமத் திருத்தம் அரசு அலுவலகத்தின் கையில் இருக்கிறது. 'விண்ணப்பிக்கும் தேதி' மட்டும் உங்களால் சொல்ல முடியும், 'கிடைக்கும் தேதி' முடியாது.

வேலை நேரத்துக்கு 'இனி 60-ஐத் தாண்ட மாட்டோம்' என்று எழுதுவது பெரிய வாக்கு. போன வருடம் 9 வாரம் தாண்டியவர் இந்த வருடம் என்ன மாற்றியிருக்கிறார்? புதிதாக ஒரு லைன் போட்டாரா, ஆர்டர் குறைத்தாரா? எதுவும் மாறவில்லை என்றால் 9 என்பது 9-ஆகவே வரும். '72 மணி வாரங்களை உடனடியாக நிறுத்துகிறோம். ஞாயிறு வேலைக்கு எம்.டி.யின் கையெழுத்து இல்லாமல் கேட் திறக்காது. 64 மணி வாரங்களை 9-இலிருந்து 4-ஆகக் குறைக்க முயல்கிறோம். மாதம்தோறும் எண்ணிக்கையை அனுப்புகிறோம்' என்பது அளக்கக்கூடியது. 9-இல் இருந்த 2 ஞாயிறு வாரங்களும் இப்போது 64-க்குள் வந்துவிடும் என்பதால் குறைக்க வேண்டிய கணக்கு 9 என்றே தொடங்குகிறது.

காரணத்தில் பையரின் பங்கு இருந்தால் மரியாதையாக அதையும் எழுதுங்கள். லேப் டிப் என்ற சாய நிற மாதிரிக்கு ஒப்புதல் எத்தனை நாள் தாமதமாக வந்தது, ஷிப்மெண்ட் தேதி தள்ளப்பட்டதா என்பதை மின்னஞ்சல் தேதிகளோடு ஒரு சிறு பட்டியலாகக் கொடுக்கலாம். 'ஒப்புதல் ஒப்புக்கொண்ட தேதியில் வந்தால் இந்த இலக்கு சாத்தியம்' என்பது நியாயமான நிபந்தனை.

கடைசிப் பக்கத்தின் கையெழுத்து

கேள்விகள் முடிந்ததும் ஓர் உறுதிமொழி இருக்கும். அவசரத்தில் யாரும் படிக்காத பக்கம் இது. 'எங்கள் சப்ளையர்களும் அவர்களுடைய சப்ளையர்களும் எல்லாச் சட்டங்களையும் எல்லா நேரத்திலும் கடைப்பிடிப்பதை உறுதிசெய்கிறோம்' என்கிற மாதிரி ஒரு வாக்கியம் இருந்தால் நிறுத்துங்கள். நூல் மில்லில் என்ன நடக்கிறது என்பதை ஒரு பனியன் கம்பெனியால் உறுதிசெய்ய முடியாது. பையர் ஜெர்மன் நிறுவனம் என்றால் பேச இன்னும் வழி இருக்கிறது. அந்தச் சட்டத்தை மேற்பார்வையிடும் பாஃபா அலுவலகம், பெரிய நிறுவனங்கள் தங்கள் கடமையை அப்படியே சப்ளையர் தலையில் கட்டக் கூடாது என்று 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது.

மாற்று வாக்கியம் கொடுங்கள்: 'மேற்கண்ட பதில்கள் இந்தத் தேதியில், எங்கள் பதிவேடுகளின்படி, எங்களுக்குத் தெரிந்தவரை உண்மையானவை. நேரடியாக வேலை கொடுக்கும் யூனிட்டுகளிடம் இதே விதிகளைக் கேட்போம். ஆண்டுக்கு ஒருமுறை நேரில் பார்ப்போம். மீறல் தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிப்போம்.' ஆண்டுக்கு ஒருமுறை என்று எழுதினால், எல்லா ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் போகும் ஆள் யார் என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். பையர் வாக்கியத்தை மாற்ற மறுத்தால், மாற்று வாக்கியத்தைத் தனிக் கடிதமாக இணைத்து அனுப்பலாம். ஆனால் உறுதிமொழியிலேயே நஷ்ட ஈடு என்ற சொல் இருந்தால் கடிதம் போதாது. வக்கீலிடம் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கையெழுத்து முதலாளியுடையதாகவோ பார்ட்னருடையதாகவோ இருக்கட்டும். மெர்ச்சண்டைசர் போட்டால் நாளைக்கு, 'அவன் எழுதினது, எனக்குத் தெரியாது' என்ற பேச்சு வரும். பையரிடம் அது செல்லாது, மெர்ச்சண்டைசரின் வேலை மட்டும் போகும். கையெழுத்துக்கு முன் முதலாளி, எச்.ஆர்., புரொடக்‌ஷன் மேனேஜர், மெர்ச்சண்டைசர் நால்வரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில்களைத் தமிழில் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். 'இது அப்படி இல்லையே' என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சொல்லும் இடங்கள் இரண்டு மூன்றாவது வரும்.

அனுப்பியதும் போர்ட்டலில் உள்ள பதில்களை பி.டி.எஃப். ஆக இறக்கி, ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரமான பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள். கான்ட்ராக்டர் மாறினாலோ டையிங் யூனிட் மாறினாலோ அடுத்த கேள்வித்தாளுக்குக் காத்திருக்காமல் பையருக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே கேள்விகள் வரும்போது இரண்டு ஆண்டுப் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். போன வருடம் 9 வாரம், இந்த வருடம் 5 என்றால் அதற்கு ஒரு விளக்கம் போதும். போன வருடம் பூஜ்யம், இந்த வருடம் 5 என்றால் முதல் ஆண்டின் பஞ்சிங் பதிவையும் சேர்த்து அனுப்பச் சொல்வார்கள்.